நுவரெலியாக் கேத்தலும் அதே கோட்டில்தான்

செல்சியஸை பரனைட்டாக மாற்றும் வரைபு ஏன் நேர்கோடு? இரண்டு புள்ளி போதுமா?

போதும். தண்ணீர் உறைவதற்கும் கடல்மட்டத்தில் கொதிப்பதற்கும் நடுவே செல்சியஸில் 100 படி, பரனைட்டில் 180. எல்லாம் சமபடிகள் என்பதால், எங்கிருந்து ஒரு செல்சியஸ் ஏறினாலும் பரனைட் 1.8 ஏறும். ஏற்றம் மாறாத கோடு வளையாது. தொடக்கம் மட்டும் 32: F = 1.8C + 32.

கிடையச்சில் C, நிலைக்குத்தச்சில் F. (0, 32), (100, 212) இரண்டையும் குறித்து அடிமட்டத்தால் இணையுங்கள். பழக்கதோஷத்தில் (0, 0) வழியாக இழுத்துவிடாதீர்கள்.

சரி, நுவரெலியாவில் கேத்தல் சுமார் 94 பாகையிலேயே கொதிக்குமே? கொதிநிலைதான் இறங்கியது, கோடு அசையவில்லை. 94 × 1.8 + 32 = 201.2. பரனைட் வெப்பமானியும் ஏறக்குறைய அதையே காட்டும். கொதிக்கிறதே என்று அந்த 201ஐ 100க்கு நேரே குறித்தால்தான் படித்திறன் 1.69 ஆகிப் பிழைக்கும்.