ரிப்போர்ட் வரும்வரை

கேள்வி: மார்பில் இருந்த கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுத்து இரண்டு கிழமையாகிறது. ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. இவ்வளவு சுணங்குவதே கெட்டதுக்குத்தான் என்று மனது சொல்கிறது. கட்டியும் பெருத்த மாதிரி இருக்கிறது, நாளுக்குப் பத்துத் தரம் தொட்டுப் பார்க்கிறேன். மகளுக்கு மட்டும்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை கிளினிக். அதுவரை எப்படி இருப்பது?
— வாசகி, உப்புவெளி

பதில்: முதலில் கையை எடுங்கள், சகோதரி. பயொப்சி ஊசி கொஞ்சம் தடித்தது. அது போய்வந்த இடத்தில் உள்ளே இரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும், தோல் நீலம் பாரிக்கும், தொட்டால் கல் மாதிரி இருக்கும். அது கரைய இரண்டு மூன்று கிழமை எடுக்கலாம். நீங்கள் அழுத்திப் பார்க்கப் பார்க்க அந்த இடம் நோகும், நோக நோக இன்னும் பயம் வரும். விரலுக்குத் தட்டுப்படுவது அந்தக் கண்டலாக இருக்கத்தான் கூடுதல் சாத்தியம். ஆனால் தோல் சிவந்து சூடு பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் வெள்ளிக்கிழமை வரை பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது சுணக்கம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் சதை எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது போர்மலின் போத்தலுக்குள் போகும். சதை கெடாமல் இறுகுவதற்கு மார்புச் சதைக்குக் குறைந்தது 6 மணித்தியாலமாவது அதில் ஊற வேண்டும். சனி, ஞாயிறு அப்படியே கழியும். திங்கள் இரவு மெஷினில் நீரை அகற்றி மெழுகேற்றுவார்கள். செவ்வாய் அந்த மெழுகுக் கட்டியை, ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு தடிப்பில் சீவிக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் போடுவார்கள். புதன் போயா லீவு. வியாழன்தான் நோயியல் நிபுணரின் மேசைக்கு வரும், அங்கே ஏற்கனவே ஒரு அடுக்கு காத்திருக்கும். இதுவும் சாம்பிளை அதே ஆஸ்பத்திரியில் பார்த்தால்தான். வேறு ஊருக்கு அனுப்பினால் போக்குவரத்து நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நுணுக்குக்காட்டியில் பார்த்தபிறகும் ஒரு முடிவுக்கு வர முடியாவிட்டால், இன்னும் ஆழமாகச் சீவச் சொல்வார், இல்லையென்றால் விசேட சாயம் போடச் சொல்வார். புற்றுநோய் என்றால் அதன் வகையறியவும் அந்தச் சாயம் வேண்டும். பார்வைக்குச் சந்தேகமாயிருக்கும் சாதாரணக் கட்டியை அது புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யவும் வேண்டும். ஆகவே நாட்களை எண்ணி முடிவை ஊகிக்க முடியாது.

இதெல்லாம் தெரிந்தாலும் மனது சும்மா இருக்காதுதான். பல்லி சொன்னால் பலன் பார்க்கும், கிளினிக்கில் நேர்ஸ் முகம் கொடுத்துக் கதைக்காததை வைத்து ஒரு கதை கட்டும். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பயொப்சி செய்துகொண்ட பெண்களின் உமிழ்நீரில் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோனை அளந்து பார்த்தார்கள். முடிவு தெரியாமல் இருந்தவர்களின் அளவு, புற்றுநோய் என்று உறுதியானவர்களுடையதைப் போலவே ஒழுங்கு குலைந்திருந்தது. கட்டி சாதாரணம் என்று தெரிந்தவர்களுக்கு அப்படி இல்லை. அதாவது இன்னும் வராத செய்தியை உங்கள் உடம்பு இப்போதே வந்ததாகக் கணக்குப் போட்டு நித்திரையைக் கெடுக்கிறது. இன்னொன்று, காத்திருப்பவர்களின் பதற்றம் தொடக்கத்தில் ஏறி, நடுவில் சற்றுத் தணிந்து, முடிவு நெருங்க மறுபடி ஏறுவது வழக்கம். வியாழன் இரவு நெஞ்சு படபடத்தால் அதை முன்னறிவிப்பு என்று எடுக்காதீர்கள். வெள்ளி கிட்டுகிறது, அவ்வளவுதான்.

‘நினைக்காதே’ என்று சொல்லி மனதை அடக்க முடியாது. டிவியும் பெரிதாக உதவாது, படம் ஓடும், மனது வேறெங்கோ இருக்கும். கையும் கண்ணும் சேர்ந்து ஈடுபடும் வேலை கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும்: கணக்குப் பார்த்துத் தைக்கிற சட்டை, ஒரு கூடை நெத்தலி ஆய்வது. இரவு இரண்டு மணிக்குப் போனில் தேடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் கண்ணில் படுவது எல்லாம் மோசமான கதைகள்தான்.

இனி ஒரு உருப்படியான வேலை. ‘தகவல் வராவிட்டால் நல்லதுதான்’ என்று நினைத்து யாரும் கிளினிக்கை விட்டுவிடக் கூடாது, ரிப்போர்ட் வந்து கோப்புக்குள் கிடக்கிறதும் உண்டு. நாளைக் காலை ஒருமுறை விசாரியுங்கள். சாம்பிள் இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “ரிப்போர்ட் வந்திட்டுதா?” என்று மட்டும் கேட்காமல், சாம்பிள் எந்த ஆய்வுகூடத்துக்குப் போனது, அங்கே பதிவாகிவிட்டதா, வெள்ளிக்குள் கிடைக்குமா என்று கேளுங்கள். பதிவே இல்லை என்றால் இப்போதே தேட வைக்கலாம்.

வெள்ளிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெரிய சொல் ஒன்று காதில் விழுந்தால் அதற்குப் பிறகு டொக்டர் சொல்வது பாதி ஏறாது, அவள் எழுதிக்கொள்ளட்டும். ரிப்போர்ட்டின் பிரதி ஒன்று கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கட்டி என்று வந்தாலும், ஸ்கானில் தெரிந்ததோடு அது பொருந்துகிறதா, மறுபடி எப்போது காட்ட வேண்டும் என்ற இரண்டையும் கேட்காமல் எழும்பாதீர்கள்.