ஓடி நின்ற பிறகும் மூச்சு வாங்குவது ஏன்?

"400 மீட்டர் ஓடி நின்னாச்சு, கால் சும்மாதான் இருக்கு, அப்புறமும் ஏன் இவ்வளவு நேரம் மூச்சு வாங்குது?"

கால் நின்றாலும் தசைக்குள் வேலை நிற்கவில்லை. கிளம்பிய முதல் சில விநாடிகளில் தசை கொட்டித் தீர்த்த கிரியேட்டின் பாஸ்பேட் என்ற அவசரச் சக்தி இருப்பை மறுபடி நிரப்ப, செல்கள் நேரடியாகச் செலவழிக்கும் சக்தி மூலக்கூறான ஏ.டி.பி. வேண்டும், அதை உண்டாக்க ஆக்சிஜன் வேண்டும். பாதி ஏறக்குறைய அரை நிமிடத்தில் நிரம்பிவிடும், மிச்சம் சில நிமிடம் இழுக்கும். அதனால்தான் ஆக்சிஜன் செலவு முதலில் மளமளவென்று இறங்கி, அப்புறம் மெதுவாகத் தணிகிறது. அந்த மெதுவான பகுதிக்குச் சூடேறிய உடம்பும், இன்னும் வேகமாகத் துடிக்கும் இதயமும், ரத்தத்தில் சுற்றும் அட்ரினலினும் காரணம்.

லாக்டிக் அமிலத்தை அகற்றத்தான் இந்த ஆக்சிஜன் என்று 1920களில் உடலியல் அறிஞர் ஏ.வி. ஹில் முன்வைத்த விளக்கத்தை இன்றும் பலர் அப்படியே சொல்கிறார்கள். அது போதாது: அந்த அமிலம் உடம்பில் இருக்கும் வடிவமான லாக்டேட்டின் பெரும்பகுதி இதயத்திலும் தசையிலும் எரிபொருளாகவே எரிந்துபோகிறது. ஆனால் ரத்தத்தில் ஏறிய அமிலத்தன்மையைச் சரிக்கட்ட கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ள வேண்டியிருப்பதால், மூச்சு அதற்காகவும் வேகமாக ஓடுகிறது.