ஜூம் பேட்டிக்கு முன் விருந்தினருக்கு அனுப்ப ஒரு செய்தி

கேள்வி: ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரை ஜூமில் ஒரு மணி நேரம் பேட்டி எடுக்கப்போகிறோம், மாலை 4 மணிக்கு. அவரிடம் லேப்டாப், ஆண்ட்ராய்டு போன், வயர் வைத்த இயர்போன் உண்டு, வேறொன்றும் இல்லை. கேமரா, ஒலி, வெளிச்சம் மூன்றும் சரியாக அமைய அவருக்கு வாட்ஸ்அப்பில் என்ன எழுதி அனுப்பலாம்?

பதில்:

கீழே இருப்பதை அப்படியே அனுப்பலாம். பேட்டிக்கு முதல் நாள் காலையிலேயே அனுப்பிவிடுங்கள், அன்று மாலை 4 மணிக்கே ஒத்திகை பார்க்க வேண்டும். அளவெல்லாம் சாண் கணக்கில் இருக்கிறது, அவர் டேப் தேட வேண்டியதில்லை. முக்கியமானவற்றுக்குக் காரணத்தையும் சேர்த்திருக்கிறேன். காரணம் தெரியாவிட்டால் கடைசி நேரத்தில் மின்விசிறியைப் போட்டுவிடுவார்கள்.

> ஐயா, வணக்கம். நாளைய பேட்டிக்காக வீட்டில் சில ஏற்பாடுகள். இன்று மாலை 4 மணிக்கு ஒருமுறை செய்து பார்த்துவிட்டால் நாளைக்குச் சிரமம் இருக்காது.
>
> அறை: கூடத்தைவிடப் படுக்கையறை நல்லது. மெத்தை, துணி, புத்தகம் உள்ள அறையில் குரல் எதிரொலிக்காது. நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டியபின் 'ணங்' என்று ஓசை நீண்டால் வேறு அறை பார்க்கலாம்.
>
> வெளிச்சம்: ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், லேப்டாப் உங்களுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கட்டும். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கறுத்துப்போகும். மேற்கு ஜன்னலாக இருந்து வெயில் நேராக விழுந்தால், வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றை மடிப்பாக ஜன்னலில் கட்டிவிடுங்கள். தலைக்கு நேர் மேலே உள்ள விளக்கை அணைத்துவிடுங்கள்.
>
> கேமரா: லேப்டாப்புக்கு அடியில் புத்தகங்கள் அடுக்கி, கேமரா உங்கள் கண் உயரத்துக்கு வரட்டும். திரைக்கும் முகத்துக்கும் மூன்று சாண் தூரம் போதும். கேமரா கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், வேறு எந்த நிறமும் சரி.
>
> ஒலி: இயர்போனை லேப்டாப்பில் செருகி, எங்கள் குரலை அதில் கேளுங்கள். உங்கள் குரலைப் பதிவுசெய்யப்போவது போன். மேசையில் புத்தகங்கள் அடுக்கி, மேலே நான்காக மடித்த துண்டை வைத்து, அதன்மேல் போனைப் படுக்க வையுங்கள். சார்ஜர் செருகும் முனை உங்களைப் பார்க்கட்டும். வாய்க்கும் போனுக்கும் ஒன்றரைச் சாணுக்கு மேல் வேண்டாம்.
>
> மின்விசிறிச் சத்தம் பதிவில் விழும், அதனால் அதை நிறுத்த வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாங்களே பேச்சைச் சற்று நிறுத்துவோம், அப்போது மின்விசிறியைப் போட்டுக்கொள்ளலாம்.
>
> பேட்டி தொடங்கும் முன் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ரெக்கார்டரை ஓடவிடுங்கள். அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடக்கூடும். அவசரத்துக்கு வீட்டில் இன்னொருவர் எண்ணைத் தாருங்கள்.
>
> இன்று இதே ஏற்பாட்டில் ஒரு நிமிடம் பேசிப் பதிவுசெய்து, போன் பதிவை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே லேப்டாப் கேமராவில் ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள்.

இதில் ஒலிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். படம் கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வார்த்தை புரியாவிட்டால் உடனே போய்விடுவார்கள்.

லேப்டாப் மைக் மூன்று சாண் தள்ளி இருக்கிறது. போன் ஒன்றரைச் சாணில் இருந்தால் தூரம் பாதி, ஆகவே குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுதலாகப் பதிவாகும். சுவரில் பட்டுத் திரும்பும் ஓசையோ தெருச் சத்தமோ அந்த அளவுக்கு அதிகமாகாது. நல்ல மைக் வாங்கித் தூரத்தில் வைப்பதைவிடச் சாதாரண போனைப் பக்கத்தில் வைப்பது எவ்வளவோ மேல் என்பதற்கு இதுதான் காரணம். படத்தின் கீழ் ஓரத்தில் போன் தெரிந்தாலும் விடுங்கள், எடிட்டிங்கில் வெட்டிக்கொள்ளலாம். இன்னொரு லாபமும் உண்டு: இணையம் தடுமாறி ஜூமில் சொல் விழுங்கப்பட்டாலும் போன் பதிவில் அது முழுதாக இருக்கும்.

துண்டைச் சும்மா சொல்லவில்லை. மேசையில் அவர் கைவைத்தாலே 'தொம்' என்று பதிவாகும், துண்டு அதைக் குறைக்கும். மின்விசிறியில் இரண்டு தொல்லை: காற்று மைக் துளையில் மோதி எழும் உறுமல், ஓடும் சத்தம். உறுமலை மென்பொருளால் ஓரளவு எடுக்கலாம். இரண்டையும் சேர்த்து நீக்கப்போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

ப்ளூடூத் இயர்போன் ஒன்று வாங்கினால் போதாதா என்று கேட்பார். அதன் மைக்கை இயக்கியதும் பல லேப்டாப்களில் அது போன் அழைப்புக்கான முறைக்கு மாறிவிடும், குரலின் மேல் அலைவரிசைகள் வெட்டுப்படும், 'ச', 'ஸ' எல்லாம் மழுங்கும். வயர் இயர்போனே வேண்டும். அதையும் போடாமல் லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டால், உங்கள் கேள்வி அவர் போனில் பதிவாகிவிடும், பிறகு பிரிப்பது கடினம்.

ஒத்திகைப் பதிவு வந்ததும் நீங்கள் இயர்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் வேண்டாம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் போன் தள்ளி இருக்கிறது, அல்லது அறை வெறுமையாக இருக்கிறது. 'ப' வரும்போதெல்லாம் 'புஃப்' என்று ஊதினால் போன் வாய்க்கு நேரே இருக்கிறது, கொஞ்சம் கீழிறக்கச் சொல்லுங்கள். வாக்கியத்தின் உரத்த சொல்லில் கரகரப்புக் கேட்டால் போன் மிக அருகில் இருக்கிறது, ஒரு கை அகலம் தள்ளினால் போதும்.

படத்தில் கண்ணைப் பாருங்கள். கண்குழியில் நிழல் விழுந்தால் மேல் விளக்கு எரிகிறது. முகம் முழுக்கப் பால்போல் பனித்திருந்தால் லென்ஸில் விரல் ரேகை. முகம் இருட்டாகவும் சட்டை பளிச்சென்றும் இருந்தால் வெள்ளைச் சட்டை வேலையைக் காட்டியிருக்கிறது: கேமரா அந்த வெண்மைக்கு ஏற்ப மொத்த வெளிச்சத்தையும் குறைத்துக்கொள்ளும். மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் பிரதிபலித்தால் நாற்காலியைச் சற்றே பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள், வெளிச்சம் கன்னத்தின் ஓரத்திலிருந்து விழட்டும்.

பேட்டி நாளில் மின்தடை இருக்கிறதா என்று அவர் பகுதியில் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும்.

பதிவு ஓடத் தொடங்கியதும் கேமரா முன் ஒருமுறை பலமாகக் கைதட்டச் சொல்லுங்கள். முடிவிலும் ஒருமுறை. ஜூம் பதிவிலும் போன் பதிவிலும் அந்தத் தட்டல் எடிட்டிங் திரையில் ஊசிபோல் நிமிர்ந்து தெரியும், இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் உதடும் சொல்லும் சேரும். முடிவில் எதற்குத் தட்ட வேண்டும் என்றால், இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாது. இரண்டு தட்டல்களுக்கும் நடுவில் ஜூமில் 3,600 விநாடியும் போனில் 3,600.2 விநாடியும் இருந்தால், கடைசிப் பத்து நிமிடத்தில் உதடு விலகுவது கண்ணுக்குத் தெரியும். போன் ஒலியை 0.2 விநாடி சுருக்கிவிட்டால் முழுவதும் பொருந்தும்.

ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 60 எம்பி வரும். அதை டாக்குமெண்டாகத்தான் அனுப்ப வேண்டும், வாட்ஸ்அப் குரல் செய்தியாகப் பேசி அனுப்பினால் ஒலி நசுங்கிவிடும். கோப்பு வந்ததும் கடைசித் தட்டல் வரை நகர்த்திக் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் அவர் தன் போனிலிருந்து அதை அழிக்கலாம்.