மாட்டுக்குப் புல் அறுப்பது யார்?

"அக்கா, ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். கணவர் கொழும்பில் மேசன் வேலை. பணம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. கையில் 40,000 ரூபா இருக்கிறது. பழைய தையல் மெஷின் ஒன்று 35,000க்கு வருகிறது; எனக்குத் தைக்கத் தெரியும். இல்லாவிட்டால் கோழிக்குஞ்சு வளர்க்கலாம். ஐந்து மாதச் சினைக் கிடேரி ஒன்றும் விலைக்கு இருக்கிறது. அதற்குக் குழுக் கடன் 2 இலட்சம் எடுத்தால் கிழமைக்கு 4,800 வீதம் ஒரு வருடம் கட்ட வேண்டும். மாட்டை ஓ.எல் படிக்கும் மகள் பார்த்துக்கொள்வாள். மூத்தவன் ஏ.எல் எழுதிவிட்டு வீட்டில்தான் இருக்கிறான். எது நல்லது?"

தங்கச்சி, விலையையும் தவணையையும் எழுதிய நீங்கள் மாடு கேட்கும் நேரத்தை எழுதவில்லை. அதை மகள் தலையில் வைத்துவிட்டபடியால் உங்களுக்கு அது கணக்காகவே தெரியவில்லை.

அந்தக் கணக்கை நான் போடுகிறேன். 400 கிலோ எடையுள்ள பசு ஒரு நாளைக்குச் சுமார் 40 கிலோ பச்சைப்புல் தின்னும். கான் ஓரத்திலும் ஆற்றோரத்திலும் அறுத்து, கட்டி, தலையில் தூக்கி மேட்டுக்கு ஏறினால் இரண்டு நடை. கன்று போட்ட பிறகு விடிய ஐந்து மணிக்குக் கறவை, பால் கெடுவதற்குள் சேகரிப்பு நிலையத்துக்கு ஓட்டம், கொட்டில் கழுவுவது, மாலையில் மறுபடியும் கறவை. நான்கு மணித்தியாலம் சும்மா போகும். மழை, காய்ச்சல், சோதனை என்று மாட்டுக்கு லீவு கிடையாது. என் அக்கா எங்கள் வீட்டு மாட்டுக்காகத்தான் பத்தாம் வகுப்போடு நின்றாள். அந்தப் பாலைக் குடித்துப் படித்தவள் நான். அதனால் இந்த விஷயத்தில் என்னிடம் நயமான பேச்சை எதிர்பார்க்காதீர்கள்.

படிக்கிற பிள்ளைக்கு மாடு, படித்து முடித்தவனுக்குக் கட்டிலா? ஆம்பிளைப் பிள்ளை புல்லுக்கட்டுத் தூக்கினால் மானம் போய்விடுமா?

சரி, கடனுக்கு வருவோம். பசுவின் சினைக்காலம் ஒன்பது மாதமும் சில நாளும். ஐந்து மாதச் சினை என்றால் கன்று போட இன்னும் 18 கிழமை இருக்கிறது. கடன்காரர் அதுவரை பொறுக்கமாட்டார். அடுத்த கிழமையே கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். 18 கிழமைக்கு 4,800 வீதம் 86,400 ரூபா, ஒரு சொட்டுப் பால் விற்காமல் கட்டவேண்டும். கன்று போட்ட முதல் நான்கைந்து நாள் சீம்பால், அது கன்றுக்கு. மாடு நல்ல மாடாகவே இருக்கலாம். ஆனால் கிழமைக்குக் கிழமை கட்டும் கடனுக்கு நான்கு மாதம் பணம் தராத மாடு ஒத்துவராது. தவணை தவறினால் குழுவில் இருக்கும் மற்றப் பெண்கள்தான் உங்கள் லயத்து வாசலில் வந்து நிற்பார்கள்.

கோழி வேண்டாம். குஞ்சு முட்டையிடச் சுமார் ஐந்து மாதம், அதுவரை தீனிச் செலவு. முதல் கிழமை 32 பாகைக்குக் குறையாத சூடு வேண்டும். உங்கள் குளிரில் இரவெல்லாம் பல்ப் எரியவேண்டும்.

மெஷினை வாங்குங்கள். கையில் இருக்கும் காசுக்குள் முடிகிறது, கடன் இல்லை. மலைக்குப் போய் வந்து இரவில் இரண்டு மணித்தியாலம் போதும். ஜாக்கட்டோ, பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் சீருடைத் துணியோ, துணியை அவர்களே கொண்டுவருவார்கள். நூலும் பொத்தானும்தான் உங்கள் செலவு. முதல் கூலி ஒரு கிழமைக்குள் கைக்கு வரும். ஆபத்து ஒன்றே ஒன்று: "சம்பளத்துக்குத் தாறேன்" என்பார்கள். அளவெடுக்கும்போதே பாதிக் கூலியை வாங்கிவிடுங்கள், சொந்த மச்சாளாக இருந்தாலும். தீபாவளிக்கும் பள்ளிக்கூடம் தொடங்கும்போதும் வேலை குவியும், நடுவில் சில மாதம் காயும். அதனால் கொழுந்து வேலையை விடவேண்டாம். வாங்குமுன் தடித்த துணியில் ஒரு முழம் ஓட்டிப் பாருங்கள். தையல் விட்டுவிட்டு விழுந்தால் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், விட்டுவிட்டு வாருங்கள்.

மாடுதான் வேண்டும் என்றால், பாதிப் பணமாவது சேர்ந்த பிறகு கறவையில் இருக்கும் மாடாகப் பாருங்கள். மாலையிலும் மறுநாள் காலையிலும் உங்கள் கையாலேயே கறக்கவேண்டும். ஒரு வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டும் வித்தை பழையது. நான்கு காம்பிலும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி திரியாக விழுந்தால் மடிநோய்.

அதுவரை மூத்தவனிடம் அரிவாளைக் கொடுத்து, பக்கத்து லயத்தில் மாடு வைத்திருப்பவருக்கு ஒரு மாதம் கூலிக்குப் புல் அறுக்கச் சொல்லுங்கள். ஒரு நாளும் தவறாமல் போனான் என்றால் மாட்டைப் பற்றி எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.