தைராய்டு ஸ்கேனுக்கு மாத்திரையை நிறுத்துவதா, ஊசியா?

"அம்மாவுக்குத் தைராய்டு புற்றுநோய் ஆபரேஷன் முடிந்தது. அயோடின் ஸ்கேனுக்கு மாத்திரையை நிறுத்தணுமா, ஊசி போதுமா?"

இரண்டின் நோக்கமும் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்-ஐ 30-க்கு மேல் ஏற்றுவதுதான். அப்போதுதான் மிச்சமிருக்கும் தைராய்டு செல்கள் அயோடினை இழுக்கும்.

தைராக்சின் மாத்திரையை நிறுத்தினால் மூன்று நான்கு வாரம் ஆகும். சோர்வு, முகவீக்கம், மலச்சிக்கல் எல்லாம் வரும். டிஎஸ்எச் ஊசி என்றால் திங்கள், செவ்வாய் போட்டு, புதன் கதிரியக்க அயோடின், வெள்ளி ஸ்கேன், மாத்திரை தொடரும். விலைதான் அதிகம். இதயநோய் இருந்தால் ஊசியைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

எதுவானாலும், ஒன்றிரண்டு வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு வேண்டும். அயோடின் உப்பு, மீன், பால், தயிர், முட்டை மஞ்சள்கரு கூடாது. ஊறுகாய், அப்பளத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கல்லுப்பு பாக்கெட்டிலும் அயோடின் சேர்த்திருக்கலாம், பார்த்து வாங்குங்கள். அப்புறம், சமீபத்தில் அயோடின் சாயம் ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அயோடின் ஸ்கேனைத் தள்ளிவைப்பார்கள்.