செலவு உங்களுடையது, மதிய நடை யாருடையது?

கேள்வி: நாய் வளர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கணவருக்கு இஷ்டமில்லை. நான் அலுவலகம் போய்த் திரும்ப பத்து மணி நேரமாகிவிடும். அவருக்கு வீட்டிலிருந்தே வேலை. "கடைசியில் எல்லாம் என் தலையில்தான் விழும்" என்கிறார். "செலவு முழுக்க என்னுடையது" என்று சொல்லிவிட்டேன். இது நியாயமான ஏற்பாடுதானே?

பதில்: உங்கள் கணவர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் கவலை நேரத்தைப் பற்றியது. அதனால் முதலில் நேரத்தைக் கணக்குப் பார்ப்போம்.

வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குக் காலை நடை 30 நிமிடம், மாலை நடை 30, இருவேளைச் சாப்பாடும் பாத்திரமும் 15, முடி சீவிவிட்டு வீட்டைக் கூட்டுவதற்கு 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றரை மணி நேரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மதியம் ஒரு மணிக்கு அது கதவருகே போய் நின்று, அவரைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். அந்த நேரத்தில் அவர் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கலாம். வெளியே கூட்டிப் போய்வர 20 நிமிடம், இடையிடையே எழுந்து கவனிக்க இன்னொரு 10 நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் இரண்டரை மணி நேரம், வருஷத்துக்கு 130 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் 16 நாளுக்கு மேல். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மூன்று மாதக் குட்டியாக இருந்தால் நிலைமை இன்னும் கடினம். குட்டியால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. உங்கள் பத்து மணி நேரத்தில் அவர் இரண்டு மூன்று முறையாவது எழுந்திருக்க வேண்டும். வளர்ந்த நாய் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் தாங்கும். உங்கள் வீட்டுக்கு இரண்டு, மூன்று வயது நாய்தான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

அந்த இரண்டரை மணி நேரத்தை எப்படி ஈடு செய்வது? மதியம் கூட்டிப் போக ஆள் வைத்தால், அந்தக் கூலியும் "செலவு என்னுடையது" என்பதில் சேர வேண்டும். அது கட்டுப்படியாகாது என்றால், இப்போது அவர் செய்யும் வீட்டுவேலையில் வாரத்துக்கு இரண்டரை மணி நேரத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வேலை என்பதை அவர் சொல்லட்டும்.

சரி, பணத்துக்கு வருவோம். உங்கள் சம்பளத்திலிருந்து நாய்க்குச் செலவழித்துவிட்டு, இருவருக்குமான சேமிப்பில் போடுவதைக் குறைத்தால் அந்தச் செலவில் பாதி அவருடையது. நீங்கள் இத்தனை மாதங்களாகப் போட்டுவந்த தொகை குறையாமல், உங்கள் கைச்செலவிலிருந்து போனால்தான் அது உங்கள் செலவு. தொகை எவ்வளவு என்பது பெரும்பாலும் நாயின் எடையைப் பொறுத்தது. 30 கிலோ நாய்க்கு, 5 கிலோ நாயைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு சாப்பாடு வேண்டும். உண்ணி மருந்தும் எடைக்கு ஏற்பத்தான். இவற்றோடு வருடாந்தரத் தடுப்பூசியையும் நீங்கள் இருவரும் ஊருக்குப் போகும்போது நாயை விட்டுச்செல்லும் இடத்தின் கட்டணத்தையும் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் சேருங்கள்.

சிகிச்சைக்குத் தனி நிதி வேண்டும். ஆறு மாதச் செலவுக்குச் சமமான தொகையை, நாய் வருவதற்கு முன்பே ஒதுக்கி வைக்கச் சொல்வேன். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. எங்கள் நாய் ஒருநாள் காலுறையை விழுங்கிவிட்டது. குடலில் அடைப்பு, உடனே அறுவை சிகிச்சை என்றார்கள். நள்ளிரவில், அது மேசைமேல் நடுங்கிக்கொண்டிருக்க, எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்று நானும் மனைவியும் அங்கே நின்று வாக்குவாதம் செய்தோம். பிழைத்துக்கொண்டது, ஆனால் அந்தப் பேச்சை முன்னாலேயே பேசி முடித்திருக்க வேண்டும். நீங்கள் இருவரும் ஓர் உச்சவரம்பை இப்போதே எழுதி வையுங்கள்.

அப்புறம், நாய் இல்லாமலே இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள். காலையும் மாலையும் நீங்கள் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள், மழை பெய்தாலும் சரி, அலுவலகத்திலிருந்து தாமதமாக வந்தாலும் சரி. அவர் மதியம் ஒரு மணிக்கு அலாரம் அடித்ததும் 20 நிமிடம் வெளியே போய்வரட்டும். மாதச் செலவில் பாதியை, ஆள் வைப்பதாக இருந்தால் அந்தக் கூலியையும் சேர்த்து, தனிக் கணக்கில் போடுங்கள். யார் எந்த நாள் தவறவிட்டார்கள் என்று குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டிக் குறித்துவாருங்கள். பதினைந்தாம் நாள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசுங்கள். அப்போதும் அவர் வேண்டாம் என்றால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டில் வாழப்போகும் உயிர் அது. அரைமனதோடு சம்மதித்தவரிடம்தான் பகல் முழுக்க இருக்கப்போகிறது. அந்தப் பதினைந்தாம் நாள் வரை நாய்களின் படம் எதையும் அவருக்கு அனுப்பாதீர்கள்.