பிரஸ்மீட் டிரான்ஸ்கிரிப்டை யார் பக்கமும் சாயாம சுருக்குறது எப்படி?

கேள்வி: "நியூஸ்லெட்டர் ஒண்ணு நடத்துறேன். பிரஸ்மீட்டோட முழு டிரான்ஸ்கிரிப்டை சுருக்கி போட்டா, பாதி பேர் அதுல பேசினவருக்கு சப்போர்ட் பண்றீங்கன்றாங்க, மீதி பேர் அவரை குத்திக்காட்டுறீங்கன்றாங்க. என் கருத்துன்னு ஒரு வரி கூட சேர்க்கிறதில்ல. எங்க தப்பு நடக்குது?"

கருத்து தனி வரியா வராது, 'சொன்னார்'ங்கிற இடத்துல நீங்க போடுற வினைச்சொல்லுக்குள்ளயே ஒளிஞ்சுட்டு வரும். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம், டிரான்ஸ்கிரிப்டை மேல இருந்து படிக்காம கேள்வி-பதில் பகுதியில இருந்து ஆரம்பிங்க. ஆரம்பத்துல வாசிக்கிறது எழுதி வச்சு ரெடி பண்ணின அறிக்கை, அதுல சொன்ன ஒரு விஷயத்துக்கு நிபந்தனை இருக்குன்றது பெரும்பாலும் கேள்வி கேட்டதுக்கு அப்புறம்தான் வெளிய வரும். அறிக்கையை மட்டும் வச்சு சுருக்கினா அவரோட பிஆர் ஆள் எழுதின மாதிரிதான் இருக்கும்.

ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கலாம். பாலம் ரிப்பேர் பத்தி ஒரு அதிகாரி பேசுறார். அறிக்கையில "மார்ச் கடைசிக்குள்ள முடிக்க இலக்கு வச்சிருக்கோம்"ன்றார். அப்புறம் ஒரு நிருபர் "போன வருஷமே முடிச்சிருக்கணும், இது உங்க துறையோட தோல்விதானே?"ன்னு கேக்க, "தோல்வின்னு சொல்லமாட்டேன். தாமதம் ஆனது உண்மை, இரும்பு வர்றதுல சிக்கல் இருந்துச்சு"ன்றார். மார்ச் உறுதியான்னு கேட்டா "மழை இல்லைன்னா முடிஞ்சிரும்". செலவு எவ்வளவு கூடுச்சுன்னு கேட்டா "கணக்கு இன்னும் முடியல".

இப்ப இதை அவசரத்துல சுருக்குறவங்க என்ன எழுதுவாங்க பாருங்க: "பாலம் மார்ச்சில் தயாராகிவிடும். இது தோல்வி அல்ல என்று அதிகாரி திட்டவட்டமாக மறுத்தார். இரும்புத் தட்டுப்பாட்டால் தாமதமானதை ஒப்புக்கொண்ட அவர், செலவு குறித்த கேள்விக்கு மழுப்பினார்."

படிக்க சரளமா இருக்கு, ஆனா ஒவ்வொரு வரியிலயும் ஒரு சாய்வு இருக்கு. இலக்குன்னு சொன்னது 'ஆகிவிடும்'னு ஆயிடுச்சு, மழை காணாம போச்சு. 'தோல்வி' அவரோட வார்த்தையே இல்ல, நிருபரோடது, அவர் அதை ஏத்துக்கல அவ்ளோதான், கேள்வியை விட்டுட்டு பதிலை மட்டும் போட்டா அவரே அந்தப் பேச்சை ஆரம்பிச்ச மாதிரி ஆயிடும். 'திட்டவட்டமாக'ன்றது உங்க ஊகம், எழுத்துல குரல் தெரியாது. 'ஒப்புக்கொண்டார்'னா அதுவரை மறைச்சார்னு அர்த்தம் வருது. 'சிக்கல்' எப்ப 'தட்டுப்பாடு' ஆச்சு? 'மழுப்பினார்' அப்பட்டமான தீர்ப்பு. இதுல எனக்கு ரொம்ப கவலை தர்றது இரும்பு விஷயம்தான், ஏன்னா அது அவர் சொல்ற காரணம், நாம சரிபார்த்தது இல்ல, ஆனா 'தட்டுப்பாட்டால் தாமதமானதை'ன்னு எழுதினதும் நிரூபிச்ச உண்மை மாதிரி நின்னுடுது. துறைக்கு சாதகமான சாய்வு இப்படித்தான் யாருக்கும் தெரியாம நுழையும்.

நான் எழுதினா இப்படி எழுதுவேன்:

"பாலப் பணியை மார்ச் இறுதிக்குள் முடிக்க இலக்கு வைத்திருப்பதாக அதிகாரி தெரிவித்தார். இது உறுதியா என்று கேட்டதற்கு, மழை இல்லாவிட்டால் முடிந்துவிடும் என்றார். கடந்த ஆண்டே முடிந்திருக்க வேண்டிய பணி தாமதமானது துறையின் தோல்வியா என்று ஒரு நிருபர் கேட்டார். அப்படிச் சொல்லமாட்டேன் என்ற அதிகாரி, தாமதம் உண்மை என்றும் இரும்பு வருவதில் சிக்கல் இருந்தது என்றும் கூறினார். செலவு எவ்வளவு கூடியது என்ற கேள்விக்கு, கணக்கு இன்னும் முடியவில்லை என்றார்."

இதுல மழை வரியை மட்டும் கவனிங்க. "மழை பெய்தால் தள்ளிப்போகும்"னு எழுத கை துறுதுறுங்கும், ஆனா அவர் அதைச் சொல்லல, அது நம்ம முடிவு. அவர் போட்ட நிபந்தனையை அவர் போட்ட திசையிலயே வச்சிருங்க.

சொன்னார், கூறினார், தெரிவித்தார், என்றார், இந்த நாலே போதும். திரும்பத் திரும்ப வருதேன்னு வெரைட்டிக்காக 'சாடினார்', 'வலியுறுத்தினார்'னு போகாதீங்க. 'மறுத்தார்'னு போடலாம், நேரடியா ஒரு குற்றச்சாட்டு வச்சு அவர் இல்லைன்னு சொல்லியிருந்தா மட்டும். அதே மாதிரி 'வெறும்', 'மட்டுமே', 'கூட', 'முடியுமாம்'ல வர்ற அந்த 'ஆம்', இதெல்லாம் சின்னதா இருக்கும் ஆனா வாசகருக்கு உங்க முகபாவம் தெரிஞ்சிரும், எழுதி முடிச்சதும் இதுங்களை தேடி எடுத்துருங்க.

பதில் சொல்லாம போன கேள்வியை சுருக்கத்துல இருந்து தூக்கிடாதீங்க, அதுவும் நடந்த விஷயம்தான். கேள்வியையும் அவர் வாயில வந்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சா போதும், தப்பிச்சாரா இல்லையான்னு வாசகரே பாத்துப்பாங்க.

கடைசியா, டிரான்ஸ்கிரிப்ட் தானா டைப் ஆனதுன்னா நம்பர், பேர், அப்புறம் 'முடியும்', 'முடியல' மாதிரி இடங்களை ரெக்கார்டிங் போட்டு ஒருதடவை கேட்டுருங்க. ரெக்கார்டிங் கிடைக்கலன்னா, சந்தேகமான அந்த வரியை மேற்கோள் குறிக்குள்ள போடாதீங்க.